ஒரே குரூப் ரத்தமும் ஏன் சேராமல் போகிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நோயாளி ஓ பாசிட்டிவ், பையில் இருக்கும் ரத்தமும் ஓ பாசிட்டிவ். “அப்புறம் என்ன டாக்டர், ஏத்திட வேண்டியதுதானே, எதுக்கு ஒரு மணி நேரம் காக்க வைக்கிறீங்க?” ரத்த வங்கியில் வேலை பார்க்கும் எங்களிடம் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. உள்ளே ஒருவர் படுத்திருக்கும்போது யாருக்கும் ஒரு நிமிடம் ஒரு மணியாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை இன்று சொல்கிறேன்.

ஏ, பி, ஓ குரூப்பும், பாசிட்டிவ் நெகட்டிவும் சிவப்பணுவின் மேல்பரப்பில் உள்ள அடையாளங்களில் சிலதான். அப்படிப்பட்ட அடையாளங்கள் முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. ஆன்டிஜன் என்று சொல்கிறோம். இவை எல்லாமே ஒத்துப்போகும் இருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள், தேடவும் தேவையில்லை. ஏனென்றால் நம்மிடம் இல்லாத ஏ, பி ஆன்டிஜனுக்கு எதிரான ஆன்டிபாடிதான் நம் உடலில் சிறு வயதிலிருந்தே தானாக இருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எதிராக உடல் ஆன்டிபாடி செய்ய வேண்டுமென்றால், அந்த ஆன்டிஜனை முதலில் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கும் வழி முக்கியமாக இரண்டு. ஒன்று, முன்பு ஏற்றிய ரத்தம். இன்னொன்று, கர்ப்பம். அப்பாவிடமிருந்து குழந்தைக்கு வந்த ஆன்டிஜன், பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர். மூன்று குழந்தைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார். ஹீமோகுளோபின் ஏழு. ஓ பாசிட்டிவ் இரண்டு யூனிட் கேட்டு வார்டிலிருந்து சீட்டும் ரத்த மாதிரியும் வருகின்றன.

ரத்தப் பையோடு ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று தொங்கும். அதற்குள் இருப்பதும் அந்தப் பையின் ரத்தம்தான். அதைத் துண்டு துண்டாகச் சீல் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே எண் அச்சாகியிருக்கும். பையைத் திறக்காமலேயே ஒரு துண்டை வெட்டி, அதிலுள்ள கொடையாளரின் சிவப்பணுவை நோயாளியின் பிளாஸ்மாவோடு, அதாவது ஆன்டிபாடிகள் இருக்கும் ரத்தத்தின் நீர்ப்பகுதியோடு, சேர்த்துப் பார்ப்பதுதான் கிராஸ்மேட்ச்.

அதில் முதல் கட்டம் சுலபம். இரண்டையும் கலந்து உடனே சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. ஏ, பி, ஓ குரூப்பில் தவறு நடந்திருந்தால் இங்கேயே அணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மாவுக்கு எடுத்த ஐந்து பைகளிலும் இந்தக் கட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் வழவழவென்று கலைந்தன. இதோடு நிறுத்தியிருந்தால் ஐந்தும் பொருத்தம் என்று எழுதியிருப்போம்.

பிரசவத்தாலும் ரத்தம் ஏற்றியதாலும் வரும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் வேறு வகை. ஐ-ஜி-ஜி என்பது அதன் பெயர். உடல் வெப்பமான 37 டிகிரியில்தான் அவை அணுக்களில் நன்றாகப் போய் ஒட்டும். ஒட்டினாலும் ஒரு அணுவை இன்னொன்றோடு இழுத்துக் கட்டும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. அணுவின் மேல் படிந்திருக்கும், ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதைக் கண்ணுக்குத் தெரிய வைத்தவர்கள் 1945-ல் இங்கிலாந்தில் ராபின் கூம்ஸ், ஆர்தர் மொரான்ட், ராபர்ட் ரேஸ் என்ற மூவர். மனித ஆன்டிபாடியையே பிடித்துக்கொள்ளும் இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்த்தார்கள். அது இரண்டு பக்கமும் பிடித்து அணுக்களைப் பிணைத்துவிடும். அதைத்தான் இன்றும் கூம்ஸ் ரீஏஜென்ட் என்கிறோம்.

இப்போது பெரும்பாலும் இதை ஜெல் கார்டில் செய்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை. அதில் ஆறு குட்டிக் குழாய்கள், உள்ளே கூம்ஸ் ரீஏஜென்ட் கலந்த ஜெல். மேலே கொடையாளர் அணுவும் நோயாளி பிளாஸ்மாவும் சில துளிகள். 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, பிறகு 10 நிமிடம் சுற்ற வேண்டும். ஆன்டிபாடி படியாத அணு ஜெல்லுக்குள் நழுவி அடியில் பொட்டு போல உட்காரும். அதுதான் பொருத்தம். ஆன்டிபாடி படிந்த அணுக்கள் கட்டியாகி மேலேயே கோடாக நின்றுவிடும், அல்லது பாதி வழியில் சிதறி நிற்கும்.

அந்த அம்மாவின் கார்டில் ஐந்து பைகளில் இரண்டு மேலேயே கோடாக நின்றன. இரண்டு பாதியில் மங்கலாகச் சிதறின. ஒன்று மட்டும் அடியில் போய்ப் பொட்டாக உட்கார்ந்தது. ஆறாவது குழாயில் அவருடைய சொந்த அணுவையே அவருடைய பிளாஸ்மாவோடு போட்டிருந்தோம். அதுவும் அடியில்தான். அப்படியென்றால் அவர் உடல் தன் ரத்தத்தையே எதிர்க்கவில்லை. அடுத்தவர் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்றைத்தான் எதிர்க்கிறது.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். ஒரு பை பொருந்திவிட்டதே, அதைக் கொடுத்துவிட்டு, இன்னும் நாலு பையைப் போட்டுப் பார்த்தால் இன்னொன்று கிடைக்காதா என்று. செய்யக்கூடாது என்றுதான் நான் உறுதியாகச் சொல்வேன். எந்த ஆன்டிபாடி என்று தெரியாமல் பொருந்தியது என்று எழுதும் சொல்லுக்குப் பலம் கிடையாது.

அதைக் கண்டுபிடிக்க, எந்தெந்த ஆன்டிஜன் இருக்கிறது என்று முன்பே தெரிந்த அணுக்கள் 11 கொண்ட பேனல் ஒன்று உண்டு. நோயாளியின் பிளாஸ்மாவை அந்தப் பதினொன்றோடும் தனித்தனியாகப் போட்டு, எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று கூடவே வரும் அட்டவணையோடு ஒப்பிடுவோம். ஒட்டாத அணுவில் உள்ள ஆன்டிஜன்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவது ஒன்று. அந்த அம்மாவுக்கு மிஞ்சியது கிட் என்ற குரூப்பைச் சேர்ந்த ஜே-கே-ஏ. அவருடைய சொந்த அணுக்களில் ஜே-கே-ஏ இல்லை என்பதையும் சோதித்து உறுதி செய்தோம். இருந்திருந்தால் அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்திருக்கமாட்டார்.

சில பைகள் பலமாக ஒட்டி, சில மங்கலாக ஒட்டியதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஜே-கே-ஏ பெற்றவரின் அணுவில் அது நிறைய இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குக் குறைவு. ஆன்டிபாடி கொஞ்சம் தேய்ந்திருந்தால் நிறைய உள்ள அணுவோடு மட்டும் ஒட்டும். குறைவாக உள்ள அணுவோடு ஒட்டாமல், கிராஸ்மேட்ச் பொருத்தம் என்று வந்துவிடும். பையில் ஜே-கே-ஏ இருந்தும் சோதனை அதைக் காட்டாது. ஆகவே பொருந்திய அந்த ஒரு பையையும் நாங்கள் நம்பிவிடவில்லை. அணுவில் ஜே-கே-ஏ இருக்கிறதா என்று காட்டும் ஆன்டிசீரம் போட்டு அந்தப் பையையும், வேறு பைகளையும் சோதித்தோம். நான்கில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோதான் ஜே-கே-ஏ இருக்காது. இரண்டு யூனிட் வேண்டுமென்றால் சுமார் பத்து பைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். இல்லாதவற்றை மட்டும் எடுத்து, மறுபடியும் கூம்ஸ் கட்டம் வரை கிராஸ்மேட்ச் செய்து, இரண்டும் அடியில் உட்கார்ந்த பிறகே வெளியே அனுப்பினோம். அறுவை சிகிச்சை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது.

காத்திருந்த நேரத்தில் அவருடைய கணவர், “நானும் ஓ பாசிட்டிவ்தான் சார், என் ரத்தத்தையே எடுத்துக்குங்க” என்றார். மனதைத் தொட்ட வார்த்தை. ஆனால் அந்த ஆன்டிபாடி பிரசவத்தால் வந்ததென்றால், குழந்தைக்கு அந்த ஆன்டிஜனைக் கொடுத்தவரே அவர்தான். மனைவிக்குச் சேராத ரத்தங்களில் கணவருடையது முன்னால் நிற்கும்.

கிட் ஆன்டிபாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சில மாதங்களிலோ வருடங்களிலோ அதன் அளவு இறங்கி, எந்தச் சோதனையிலும் அகப்படாமல் போய்விடும். இதே அம்மா மூன்று வருடம் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் ரத்தம் கேட்டால், எல்லாப் பைகளும் பொருத்தம் என்றே வரலாம். அங்குள்ள டெக்னீசியன் எந்தத் தவறும் செய்திருக்கமாட்டார். ஆனால் ஜே-கே-ஏ உள்ள ரத்தம் உள்ளே போனதும் உடலின் பழைய நினைவு விழித்துக்கொள்ளும். சில நாட்களில் ஆன்டிபாடி மளமளவென்று பெருகி, ஏற்றிய அணுக்களை உடைக்க ஆரம்பிக்கும். ஆகவேதான் அவருக்கு ஒரு கார்டு எழுதிக் கொடுத்தோம். ஆன்டிபாடியின் பெயர், கண்டுபிடித்த தேதி, ஜே-கே-ஏ இல்லாத ரத்தமே தர வேண்டும் என்ற குறிப்பு. அன்றைய சோதனை என்ன சொன்னாலும் அந்தக் கார்டில் இருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ரத்தம் ஏற்றுவதற்கு முன் மருத்துவர், செவிலியர் யாராவது, “முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்கீங்களா, எத்தனை பிரசவம், கரு ஏதும் கலைஞ்சிருக்கா?” என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ, பழைய மாதிரியை வைத்து நாங்கள் சோதிப்பதில்லை. மூன்று நாளுக்குள் எடுத்த புது மாதிரி வேண்டும், ஏனென்றால் அந்த நாட்களுக்குள்ளேயே புதிதாக ஆன்டிபாடி முளைக்கலாம். சில நாள் இடைவெளியில் மறுபடி ஊசி குத்துகிறார்களே என்று கோபப்படாதீர்கள்.

இன்னொன்று, மாதிரி எடுக்கும் இடத்தில். கட்டிலருகிலேயே பெயரைக் கேட்டு, கையில் உள்ள பட்டையைப் பார்த்து, அங்கேயே டியூபில் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரின் ரத்தம் உங்கள் பெயரில் வந்துவிட்டால், எங்கள் கிராஸ்மேட்ச் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அவருக்கு. அந்தத் தவறை எந்த ஜெல் கார்டும் சொல்லாது. முன்பு எங்களிடம் வந்திருந்தால் பழைய பதிவில் உள்ள குரூப்போடு ஒப்பிட்டு மட்டுமே பிடிக்க முடியும், அதுவும் குரூப் வேறாக இருந்தால்தான்.

ரத்தம் ஏற்றி முடிந்து நன்றாக வீடு திரும்பிய பிறகும் இரண்டு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில்தான் தெரியும். காரணமில்லாத காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போவது, ஏறிய ஹீமோகுளோபின் மறுபடி இறங்குவது. இதில் ஏதாவது இருந்தால் மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து தேடிப் போகாமல், ரத்தம் ஏற்றிய மருத்துவமனைக்கே வந்து, எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்று சொல்லுங்கள். உங்கள் மாதிரியையும், கொடுத்த பையின் குழாய்த் துண்டையும் குளிர்பெட்டியில் ஏழு நாள் வைத்திருப்போம். அதற்குள் வந்தால் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஏழு நாள் கடந்துவிட்டாலும் வாருங்கள். புது மாதிரியில் உங்கள் சிவப்பணுவின் மேல் ஆன்டிபாடி படிந்திருக்கிறதா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடுவோம். வணக்கம்.