வீடு திரும்பாத ட்ரோன்

நேயர்களுக்கு வணக்கம். மொரீஷியஸில் இப்போது கல்யாணம், காவடி, கரும்புத் தோட்டம் என்று எங்கே போனாலும் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் நிற்கிறது. அதை வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "சிக்னல் போனாலும் பேட்டரி குறைந்தாலும் அதுவே வீட்டுக்கு வந்துவிடும் அண்ணே." நானும் அப்படித்தான் நம்பினேன், மேற்குக் கரையில் ஒன்றைக் கடலுக்குக் கொடுக்கும் வரை.

'வீடு' என்றால் ட்ரோன் கிளம்பிய இடம். ஜிபிஎஸ் சரியாகக் கிடைத்ததும் அந்த இடத்தை அது குறித்துக்கொள்ளும். ரிமோட்டின் தொடர்பு சில நொடிகள் அறுந்தால், நாம் முன்பே அமைத்து வைத்த உயரத்துக்கு ஏறி, வீட்டை நோக்கி நேராகப் பறந்து வந்து இறங்கும். அந்தத் திரும்பும் உயரம்தான் என்னைக் கவிழ்த்தது.

நம் தீவில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து காற்று வீசும் என்பது உங்களுக்குத் தெரியும். மேற்குக் கரை மறைவுப் பக்கம். மணலில் நின்றால் சட்டை நுனிகூட ஆடாது. ஆனால் கரையிலுள்ள சவுக்கு மரங்களைத் தாண்டி மேலே போனால் காற்று கடலை நோக்கித் தள்ளும். அன்று பவளத் திட்டைப் படம் எடுக்க 20 மீட்டர் உயரத்தில் 900 மீட்டர் தூரம் அனுப்பினேன். போகும்போது அது பறந்த வேகத்தைப் பார்த்து, நல்ல மெஷின் என்று மகிழ்ந்தேன். தள்ளியது காற்று, பெருமை மெஷினுக்கு.

வெயிலில் திரை தெரியவில்லை. சவுக்கு மரத்தடிக்குப் போனேன். மரங்கள் குறுக்கே வந்ததும் தொடர்பு அறுந்தது. பேட்டரி 25 சதவீதம். ட்ரோன் தானாகத் திரும்பத் தொடங்கியது. திரும்பும் உயரத்தை நான் 60 மீட்டர் என்று வைத்திருந்தேன். அதற்கு முந்தின வாரம் கட்டடங்களுக்கு நடுவே எடுத்த வேலைக்கு வைத்தது, மாற்ற மறந்துவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். என் ட்ரோன் காற்றில்லாமல் நொடிக்கு 12 மீட்டர் போகும். 20 மீட்டர் உயரத்தில் எதிர்காற்று சுமார் 6 மீட்டர் என்று வையுங்கள். மீதி 6 மீட்டர் வேகத்தில் 900 மீட்டரைக் கடக்க 150 நொடி. 60 மீட்டர் உயரத்தில் காற்று 9 மீட்டர் என்றால் மிஞ்சுவது 3 மீட்டர்தான், 300 நொடி ஆகும். முழு வேகத்தில் அது 10 நொடிக்கு ஒரு சதவீதம் பேட்டரியைத் தின்னும். 10 சதவீதத்துக்கு வந்ததும் இருக்கும் இடத்திலேயே இறங்கத் தொடங்கும். அப்படியானால் பறக்கக் கிடைப்பது 15 சதவீதம், அதாவது 150 நொடி. கீழேயே வந்திருந்தால் தட்டுத்தடுமாறி மணலைத் தொட்டிருக்கும். மேலே ஏறியதால் பாதி வழிதான். மேலே ஏறச் செலவானதை இதில் சேர்க்கவே இல்லை.

வருத்தம் என்னவென்றால், நான் மணலுக்கு ஓடி வந்ததும் தொடர்பு திரும்பக் கிடைத்தது. திரும்புவதை ரத்து செய்து, 20 மீட்டருக்கு இறக்கி, நானே ஓட்டி வந்திருக்கலாம். "அது பார்த்துக்கொள்ளும்" என்று கைகட்டி நின்றேன். திரையில் தூரம் குறையும் வேகத்தைக் கவனித்திருந்தால் ஒரு நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். கடைசி இறக்கம் தொடங்கியபின் ரத்து செய்ய முடியவில்லை, பக்கவாட்டில் மட்டும் தள்ளலாம். காயலில் விழுந்தது.

உயரத்தைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கோர் தெ கார்த் மலையடிக் கோயில் பக்கம் இதற்கு நேர்மாறு. திரும்பும் உயரம் பல ட்ரோன்களில் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கப்படுகிறது, கீழே உள்ள நிலத்திலிருந்து அல்ல. கோயில் வாசலில் கிளம்பி மலைமுகட்டுக்கு அப்பால் போனால், 60 மீட்டர் உயரத்தில் திரும்புவது பாறையில் மோதத்தான். முன்பக்கக் கண் இருந்தாலும் இருட்டில் அதை நம்ப முடியாது.

இப்போது கடற்கரைக்குப் போனால் முதலில் திரும்பும் உயரத்தை மரத்தைவிடச் சற்று மேலே, 25 அல்லது 30 மீட்டராக வைக்கிறேன். அப்புறம் 100 மீட்டர் தூரம் மட்டும் கடல் பக்கம் அனுப்பி, நானே திரும்பும் பொத்தானை அழுத்தி, வரும் வேகத்தைத் திரையில் படிக்கிறேன். நொடிக்கு 5 மீட்டருக்குக் கீழே வந்தால் அன்றைக்குத் திட்டு வரை போவதில்லை, கரையோரப் படங்களோடு சரி. பறக்க வேண்டியே வந்தால் முதலில் காற்றை எதிர்த்துத் தென்கிழக்கே போகிறேன். அந்தப் பக்கம் கரும்புதான் இருக்கிறது, விழுந்தாலும் தேடி எடுக்கலாம்.