வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு

நேயர்களுக்கு வணக்கம். சில மாதங்களுக்கு முன் காலை ஒன்பது மணிக்கு, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பெயர் கேட்டால் பதில் குழறியது. பக்கவாதம் என்று பயந்துபோயிருந்தார் மனைவி. விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான்.

குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகு விசாரித்தேன். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு வாரமாக விடியற்காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடித்திருக்கிறார். அப்புறம் வழக்கமான சர்க்கரை மாத்திரை, முக்கால் மணி நேர நடை. ஏழரைக்கு இட்லி சாப்பிட்டுவிடுவார். அன்று ஒரு வேலையாக வெளியே போனதில் சாப்பாடு தள்ளிப்போய்விட்டது.

அவர் மாத்திரையில் கிளிமிபிரைடு இருந்தது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து அது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நடை தன் பங்குக்குச் சர்க்கரையை இறக்கும். பாகற்காயிலும் சர்க்கரையைக் குறைக்கும் பொருள்கள் உண்டு. ஆனால் மாத்திரையில் இரண்டு மில்லிகிராம் என்று எழுதியிருப்பது போல சாற்றுக்கு அளவு கிடையாது. காய்க்குக் காய் மாறும். எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து, இட்லியும் வராததால்தான் அவர் விழுந்தார். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சீனியும் போதும்தான். ஆனால் மாத்திரையில் வோக்லிபோஸ் சேர்ந்திருந்தால் சீனி மெதுவாகத்தான் வேலை செய்யும், அவர்களுக்குக் குளுக்கோஸே வேண்டும். கால் மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும். அவருக்கும் அன்று மதியம் இறங்கியது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் நீளும்.

இப்போது அவர் சாறு குடிப்பதில்லை. பாகற்காய்ப் பொரியலை மதியச் சோற்றோடு சாப்பிடுகிறார். நடக்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது.