தீபாவளி மாத போஸ்ட் காலண்டர்: கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

[திரையில்: 2026 அக்டோபர் காலண்டர், எல்லாக் கட்டமும் காலி]

வணக்கம். வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் விற்பவர்களுக்கு ஒரு மாத காலண்டர் போட்டுக் காட்டப் போகிறேன். உதாரணத்துக்கு, மதுரையில் இரண்டு அடுப்பு வைத்து நடத்தும் ஒரு வீட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் எல்லாரும் ஒன்றாம் தேதியில் ஆரம்பித்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள், மாதக் கடைசியில் பார்த்தால் ஆர்டர் கேட்க வேண்டிய நேரத்தில் ஏதோ வாழ்த்துப் படம் போட்டிருப்பார்கள். நாம் கடைசியிலிருந்து வருவோம். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. பார்சல் வெள்ளிக்கிழமை 6-ஆம் தேதிக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சாதாரண நாளில் தமிழ்நாட்டுக்குள் ஒன்றிரண்டு நாளில் போகிற கூரியர் பண்டிகை நெரிசலில் இழுக்கும், மழை வேறு இருக்கும், அதனால் நான்கு நாள் விட்டு நவம்பர் 2-ஆம் தேதி அனுப்பிவிட வேண்டும். அதற்கு முன் சுடவும் பேக் செய்யவும் சனி, ஞாயிறு. அப்படியானால் வெளியூர் ஆர்டருக்குக் கடைசி நாள் அக்டோபர் 30, வெள்ளி.

இதில் ஒரு சிக்கல். பலருக்கு 30, 31-இல்தான் சம்பளம் வரும், அதாவது கையில் காசு வருகிற நேரத்தில் நாம் ஆர்டரை மூடுகிறோம். அதனால் வெளியூர்க்காரர்களுக்கு 17-ஆம் தேதியே திறந்து, சின்ன அட்வான்ஸ் வாங்கிப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உள்ளூருக்கு நவம்பர் 4 வரை நேரம் கொடுக்கலாம்.

[திரையில்: 17, 30 தேதிகளில் சிவப்பு வட்டம்]

இந்த இரண்டு தேதியும் விழுந்துவிட்டால் மற்றது எளிது. வாரத்துக்கு மூன்று போஸ்ட் போதும். செவ்வாய் அடுப்படி வீடியோ, வியாழன் வாடிக்கையாளர் கேட்கும் சந்தேகம் ஒன்றுக்குப் பதில், சனி ஆர்டர். உங்கள் பேஜை ஃபாலோ செய்பவர்கள் எந்தக் கிழமை, எந்த நேரத்தில் அதிகம் வருகிறார்கள் என்பது இன்சைட்ஸில் இருக்கும், அது வேறு மாதிரி சொன்னால் கிழமையை மாற்றிக்கொள்ளுங்கள்.

காலண்டரில் எல்லாரும் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு: படம் எடுக்கும் நாள். போடும் நாளை மட்டும் எழுதினால் செவ்வாய் மாலை போனைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். அதிரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஆம் தேதி ஞாயிறு, ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியை ஈரம் இருக்கும்போதே இடிப்பதையும், வெல்லப்பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்ப்பதையும் எடுத்துவிடுங்கள். மாவு இரண்டு மூன்று நாள் புளித்த பிறகு, 7-ஆம் தேதி புதன் சுடுவதையும் எண்ணெய் பிழிவதையும் எடுங்கள். பாகுப் பதம் 6-ஆம் தேதி போகும். சுடுவது 10-ஆம் தேதி சனிக்கிழமை போகும், ஆர்டர்தான் இன்னும் திறக்கவில்லையே. “மாவு ஏன் காத்திருக்க வேண்டும்?” என்பது 8-ஆம் தேதி வியாழனுக்கு. ஒரே மாவு, மூன்று போஸ்ட்.

19-ஆம் தேதி ஆயுத பூஜை, திங்கள். செவ்வாய் போஸ்டை அன்றைக்கே போட்டுவிடுங்கள். லோகோ ஒட்டிய வாழ்த்துப் படம் வேண்டாம், அதே படத்தை ஊரே போட்டிருக்கும். உங்கள் முறுக்கு அச்சைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, அதைப் படம் எடுத்துப் போடுங்கள்.

[திரையில்: 22-ஆம் தேதிக் கட்டம் மட்டும் காலி]

22-ஆம் தேதியை வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற சமயம், “முறுக்கு நமுத்துப் போகாதா?” என்று நாலு பேர் கேட்பார்கள், அந்தப் பதிலுக்கு இடம் வேண்டும். யாராவது பார்சல் பிரித்த படம் அனுப்பினால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு அதைப் போடலாம்.

17, 24 சனிக்கிழமைகளில் எடை, விலை, கடைசித் தேதி மூன்றும் படத்திலேயே இருக்கட்டும். “விலைக்கு மெசேஜ் பண்ணுங்க” என்று போடுவது எனக்குப் பிடிப்பதில்லை, கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அப்படியே நகர்ந்துவிடுவார்கள். 29 வியாழன் அன்று சந்தேகப் பதில் வேண்டாம், “நாளையோடு வெளியூர் ஆர்டர் முடிகிறது” என்ற ஒற்றை வரி போதும். 31 சனி, பேக்கிங் வீடியோவோடு உள்ளூர் ஆர்டரை நினைவுபடுத்துங்கள். கை நிறைய மாவோடு போஸ்ட் போட முடியாது, அதனால் இந்தக் கடைசி வாரத்துப் போஸ்டுகளை 25-ஆம் தேதியே மெட்டா பிசினஸ் சூட்டில் நேரம் குறித்து வைத்துவிடுங்கள். பேக்கிங் வீடியோ மட்டும் அன்றைக்கு எடுத்துப் போடுவது. இரண்டு அடுப்பில் முடிகிற அளவு ஆர்டர் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டால், நேரம் குறித்த 29-ஆம் தேதிப் போஸ்டை மறக்காமல் நீக்கிவிட்டு “வெளியூர் ஆர்டர் முடிந்தது” என்று போடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு போஸ்டுக்கும் எதிரே, அடுத்த இரண்டு நாளில் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் விசாரித்தார்கள், அதில் எத்தனை பேர் அட்வான்ஸ் போட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாகு வீடியோவுக்கு லைக் குவிந்திருக்கும், அட்வான்ஸ் வந்தது எதனால் என்பதை இந்த இரண்டு எண்தான் காட்டும், நவம்பர் காலண்டரில் எந்தப் போஸ்டை இரண்டாவது முறை போடலாம் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.