மூணாவது வளைவுல ஏன் எல்லாரும் சாகுறாங்க? ரோக்லைக் கேமோட கஷ்டத்தை அளந்து திருத்துறது

[காட்சி: சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதை. முதல் கொண்டை ஊசி வளைவின் பலகை.]

சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு ஏறுற இந்த ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. நான் பண்ணிட்டிருக்கிற கேமுலயும் 20 வளைவுதான். ஒவ்வொரு வளைவும் ஒரு தளம், 20வது வளைவைத் தாண்டினா ஜெயிச்ச மாதிரி. நடுவுல செத்தா மறுபடியும் அடிவாரம். வழி, எதிரி, கிடைக்கிற பொருள் எல்லாம் ஒவ்வொரு தடவையும் மாறும். அடிவாரத்துல ஆரம்பிச்சு சாகுற வரைக்கும், இல்ல ஜெயிக்கிற வரைக்கும் ஒரு ரன். 1980ல வந்த ‘ரோக்’ கேமுல இருந்து வர்ற வழக்கம் இது. அதனாலதான் இந்த வகைக்கே ரோக்லைக்னு பேரு.

போன வருஷம் முதல் தடவையா இதை மத்தவங்க கையில குடுத்தேன். அத்தை பையன் தட்டுவடை செட்டை ஒரு கையில வச்சுக்கிட்டு விளையாடினான். மூணாவது வளைவுல செத்தான். மறுபடியும் ஆரம்பிச்சான், மறுபடியும் அதே மூணாவது வளைவு. நாலாவது தடவை போனைக் கீழ வச்சுட்டு, “மாமா, இது கேமா, இல்ல லாட்டரிச் சீட்டா?”ன்னு கேட்டான்.

அவன் சொன்னது சரியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்த வீடியோ அதைப் பத்திதான்.

[திரையில்: வளைவு வாரியாக சாவு எண்ணிக்கை, பட்டை வரைபடம்]

முதல்ல எல்லா ரன்னையும் பதிவு பண்ண ஆரம்பிச்சேன். முதல் 100 ரன்னுல மூணாவது வளைவுல 37 சாவு. பன்னிரண்டாவது வளைவுல வெறும் 4. இதைப் பார்த்தா மூணாவது வளைவுல மட்டும்தான் பிரச்சினை, பன்னிரண்டு நல்லா இருக்குன்னு தோணும். ஆனா பன்னிரண்டாவது வளைவு வரைக்கும் எத்தனை பேர் வந்தாங்க? பத்தே பேர். அதுல 4 போச்சு. மூணாவது வளைவுக்கு வந்தது 88, அதுல 37. வகுத்துப் பாருங்க. ஒண்ணு 42 சதவீதம், இன்னொண்ணு 40 சதவீதம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு கொல்லுது.

```
death_rate[f] = died[f] / reached[f]
```

எத்தனை பேர் செத்தாங்கன்னு எண்ணாதீங்க, அந்த வளைவுக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு பாருங்க. ஒரு எச்சரிக்கையும் இருக்கு. பத்துல 4ங்கறதை அப்படியே நம்பிடக் கூடாது. ஒரே ஒருத்தர் தப்பிச்சிருந்தா அது 30 சதவீதம் ஆயிருக்கும். அதனால பன்னிரண்டாவது வளைவை அப்போ நான் தொடவே இல்ல, இன்னும் நிறைய ரன் சேரட்டும்னு விட்டுட்டேன்.

சரி, விகிதம் எவ்வளவு இருந்தா நல்லது? 20 வளைவுலயும் 10 சதவீதம்னு வச்சா, ஒவ்வொண்ணுலயும் பத்துக்கு ஒன்பது பேர் தப்பிக்கிறாங்க, தாராளமாத்தான் தெரியும். ஆனா 0.9ஐ 20 தடவை பெருக்கினா 0.12. நூத்துக்கு 12 பேர்தான் மேல போய்ச் சேருவாங்க. 5 சதவீதம்னா 36 பேர். சின்ன மாத்தம் 20 தடவை பெருகிடும். அதனால இந்த எண்ணை நீங்களே முடிவு பண்ணி எழுதி வச்சுட்டு, அப்புறம் எதிரிகளைத் தொடுங்க. முதல் அஞ்சு வளைவு 5 சதவீதத்துக்குக் கீழ, அப்புறம் மெதுவா ஏறணும்னு நான் வச்சுக்கிட்டேன்.

[காட்சி: மூடுபனியில் ரெண்டு காட்டெருமை, கேம் திரை]

இப்போ மூணாவது வளைவு. அங்க ரெண்டு காட்டெருமை நிக்கும். சேர்வராயன் மலையில நிஜமாவே காட்டெருமை உண்டு, அதனால விடமுடியல. ஒண்ணு பாய்ஞ்சா 10ல இருந்து 30 வரைக்கும் டேமேஜ், எந்த எண்ணும் சமமா வரலாம். சராசரி 20. ஆட்டக்காரர் 60 ஹெல்த்தோட கிளம்பி, மூணாவது வளைவுக்கு வரும்போது பெரும்பாலும் 45ல இருப்பார். ரெண்டு எருமை, சராசரி 40 டேமேஜ், மிச்சம் 5. “கஷ்டம், ஆனா தப்பிக்கலாம்”னு நான் கணக்குப் போட்டிருந்தேன்.

தப்பு அங்கதான். ஆட்டக்காரர் சராசரியை அனுபவிக்கிறதில்ல, அன்னைக்கு விழுந்த எண்ணைத்தான் அனுபவிக்கிறார். ரெண்டு பாய்ச்சலுக்கு 21 பெருக்கல் 21, மொத்தம் 441 விதம் வரலாம். அதுல கூட்டுத்தொகை 45ஐத் தொடுறது 136 விதம். அதாவது 31 சதவீதம். ரெண்டும் ஒரே சுற்றுல பாயுது, நடுவுல மருந்து குடிக்க வாய்ப்பே கிடையாது. ஒழுங்கா விளையாடி 45 ஹெல்த்தோட வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் எந்தத் தப்பும் பண்ணாமலே போய்ச் சேர்றாங்க. பையன் சொன்ன லாட்டரிச் சீட்டு இதுதான்.

முதல்ல நான் பண்ணின திருத்தம் சோம்பேறித்தனமானது. டேமேஜை 10ல இருந்து 20ன்னு குறைச்சேன். சாவு நின்னுச்சு, ஆனா பயமும் நின்னுடுச்சு. எருமை வந்தாலும் யாரும் மருந்தைத் தேடல, கண்ணு திரைக்கு வெளிய போயிடுச்சு.

ரெண்டாவது திருத்தம்தான் நிலைச்சது. சராசரியை 20லயே விட்டுட்டு, வீச்சை மட்டும் 18ல இருந்து 22ன்னு சுருக்கினேன். இப்போ ரெண்டும் சேர்ந்து குறைஞ்சது 36, அதிகபட்சம் 44. 45ஓட வந்தவர் கண்டிப்பா பிழைப்பார், ஆனா 1ல இருந்து 9 ஹெல்த்தோட. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், உயிர் மட்டும் இருக்கும். 31 சதவீதம் சுழியம் ஆச்சு, சராசரி டேமேஜ்ல ஒரு புள்ளி கூட குறையல.

அப்போ 36க்குக் கீழ வந்தவர் என்ன ஆவார்? சும்மா நின்னா சாவார். சாகட்டும், ஏன்னா அவர் முந்தின வளைவுலயே எதையோ விட்டிருக்கார். அதோட, பாயறதுக்கு ஒரு சுற்று முன்னாடியே எருமை தலையைத் தாழ்த்தி மண்ணைக் கீறும்னு வச்சேன். மருந்து குடிக்கிறதா, பாறைக்குப் பின்னாடி ஒதுங்குறதான்னு முடிவு பண்ண ஒரு சுற்று கிடைக்கும்.

நியாயமா இருக்கான்னு தெரிஞ்சுக்க விகிதம் மட்டும் போதாது. செத்த உடனே, அடுத்த ரன்னைத் தொடறதுக்குள்ள, “ஏன் செத்தே?”ன்னு ஒரே கேள்வி கேளுங்க. முன்னாடி வந்த பதில் “அது பாய்ஞ்சிடுச்சு மாமா”. திருத்தினதுக்கு அப்புறம் அதே பையன், “ரெண்டாவது வளைவுல மருந்தை வீணாக்கிட்டேன்”னான். தன்னோட ஒரு செயலைக் கைகாட்டிச் சொல்ல முடிஞ்சா அந்தச் சாவு நியாயமானது.

‘ஸ்லே த ஸ்பயர்’ங்கற ரோக்லைக் கேமுலயும் இந்த ஜாக்கிரதை உண்டு. முதல் பகுதியில வர்ற முதல் மூணு சண்டைக்கு எதிரிகளை எளிய கூட்டத்துல இருந்து மட்டும்தான் எடுக்கும். போன ரன்னுல முதல் தலைவன் வரைக்கும் கூட போகலேன்னா, அடுத்த ரன் தொடக்கத்துல ஒரு வரம் நீட்டும்: முதல் மூணு சண்டையில எதிரிக்கு ஒரே ஒரு ஹெல்த்.

[காட்சி: ஏற்காடு காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள்]

இனி மறுபக்கம். முதல் ரன்கள் சரியாச்சு, முப்பதாவது ரன்னுல தூக்கம் வருது. காரணம் நான் வச்ச காபிக்கொட்டை. வழியில காபிக்கொட்டை பொறுக்கினா, அதை வச்சு நிரந்தரமா ஹெல்த் கூட்டிக்கலாம், செத்தாலும் போகாது. முப்பது ரன் ஆனவர் 100 ஹெல்த்தோட கிளம்பினார். அவருக்கு எருமையோட 40 ஒரு கொசுக்கடி. கைப்பழக்கமும் ஏறிடுச்சு, ஹெல்த்தும் ஏறிடுச்சு. ரெண்டு ஏணி ஒரே பக்கம் சாய்ஞ்சா மலை தட்டையாத்தானே ஆகும்?

இங்க ஒரு பொறி இருக்கு. முதல் அஞ்சு ரன்னோட சாவு விகிதத்தையும், 30க்கு மேற்பட்ட ரன்னோட விகிதத்தையும் நேரா ஒப்பிட்டுப் பார்த்து “எளிசாயிடுச்சு”ன்னு முடிவு கட்டாதீங்க. 30 ரன் வரைக்கும் நின்னவங்களே கெட்டிக்காரங்களா இருக்கலாம். தடுமாறினவங்க எப்பவோ கேமை அழிச்சிருப்பாங்க. 30 தாண்டினவங்களை மட்டும் எடுத்து, அவங்களோட முதல் அஞ்சு ரன்னையே அவங்களோட இப்போதைய ரன்னோட வைங்க. நான் அப்படித்தான் பார்த்தேன், அப்பவும் வித்தியாசம் பெருசா இருந்துச்சு.

அதனால காபிக்கொட்டையோட வேலையை மாத்தினேன். இப்போ அது ஹெல்த் தராது. புதுப் பொருள், புது எதிரி, புதுப் பாதையைத் திறக்கும். ஐம்பதாவது ரன்லயும் 60 ஹெல்த்தான். கையில இருக்கிற வழிகள்தான் கூடியிருக்கும்.

[திரையில்: ரெண்டு கோடுகள், ஆட்டக்காரரின் டேமேஜ், எதிரியின் ஹெல்த்]

ஒரே ரன்னுக்குள்ளயும் இதே சறுக்கல் உண்டு. ஆட்டக்காரர் அடி 6ல தொடங்கி வளைவுக்கு 15 சதவீதம் பெருகிச்சு. எதிரி ஹெல்த் 20ல தொடங்கி வளைவுக்கு 7 கூடிச்சு. பெருக்கலும் கூட்டலும் ஓட்டப்பந்தயம் விட்டா முதல்ல கூட்டல் முந்தும், அப்புறம் தொலைஞ்சு போகும். ஒரு எதிரியை வீழ்த்த முதல் வளைவுல 4 அடி, அஞ்சாவதுல 5, பத்தாவதுல மறுபடியும் 4, இருபதாவதுல 2. கடைசி வளைவுதான் ரொம்ப எளிசு! எதிரிக்கும் 15 சதவீதம் குடுத்தா எல்லா வளைவுலயும் 4 அடி. அது இன்னும் மோசம், எதுக்கு வாளைத் தீட்டினோம்னு ஆயிடும். 13 சதவீதம் வச்சேன். 4ல தொடங்கி எட்டாவது வளைவுல 3க்கு வந்து, கடைசி வரைக்கும் 3லயே நிக்குது. வளர்ந்தது தெரியுது, எதிரி கரைஞ்சும் போகல.

இதுக்கு மேல ஹெல்த்தை ஏத்தி சவால் கொண்டுவர முடியாது, சண்டை நீளும், அவ்வளவுதான். அதனால ஜெயிச்சவங்களுக்கு மட்டும் படிகள் வச்சேன். ஒரு படியில ஜெயிச்சா அடுத்தது திறக்கும், ஒவ்வொரு படியும் ஒரே ஒரு விதியைச் சேர்க்கும். ஏறணுமா வேண்டாமாங்கறது அவங்க விருப்பம். ‘ஸ்லே த ஸ்பயர்’ல இதே மாதிரி 20 படி உண்டு.

என்னோட மூணாவது படி என்ன தெரியுமா? எருமையோட வீச்சு மறுபடியும் 10ல இருந்து 30. ஆரம்பத்துல அநியாயமா இருந்த அதே எண். ஆனா இந்தப் படியில இருக்கிறவருக்கு மண்ணைக் கீறுறது தெரியும், பாறை தெரியும், மருந்தை மிச்சம் பிடிக்கத் தெரியும். 30 வருமா 10 வருமான்னு தெரியாதது இப்போ அவருக்கு ஒரு கணக்கு.

அஞ்சாவது படியில 17வது வளைவுக்கு மேல மூடுபனி இறங்கும், ஒரு எதிரி என்ன பண்ணப் போகுதுன்னு தெரியாது. முதல்ல எல்லா எதிரியையும் மறைச்சேன். அஸ்தம்பட்டியில இருந்து வந்த நண்பர், 70 ரன் தாண்டினவர், செத்த உடனே என் வழக்கமான கேள்விக்கு “தெரியலப்பா”ன்னுட்டார். அன்னைக்கு ராத்திரியே ஒரே ஒரு எதிரியை மட்டும் மறைக்கிற மாதிரி மாத்திட்டேன். போன ஞாயித்துக்கிழமை மறுபடியும் 18வது வளைவுல செத்தார். “பனிக்குள்ள நின்னதை முதல்ல அடிச்சிருக்கணும்”னு சொல்லிக்கிட்டே அடுத்த ரன்னைத் தொட்டார்.