மாடு குறுக்கே வந்தால் யார் பொறுப்பு?

அவையோருக்கு வணக்கம். இரவு பத்து மணிக்கு வேலை முடித்து, புறவழிச்சாலை வழியாக இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 20,000 ரூபாய் கூலி வாங்குபவர். தெருவிளக்கு இல்லாத ஒரு வளைவில் கருநிற எருமை ஒன்று தார்ச்சாலையில் படுத்திருக்கிறது. மழைக்காலத்தில் வயல் சேறாகிவிடுவதால் காய்ந்த தார்ச்சாலையைத் தேடி வந்து படுப்பது மாடுகளின் வழக்கம். வண்டி மோதுகிறது, தொடை எலும்பு முறிகிறது. அவர் நான் கற்பனையாக எடுத்துக்கொண்ட ஆள்தான். ஆனால் அவருக்கு நேர்வது நம் ஊர்களில் நாள்தோறும் நேர்வதே. அவருடைய சிகிச்சைக்கும் இழந்த கூலிக்கும் யார் பதில் சொல்வது என்பதை மட்டுமே இன்று பேச எண்ணுகிறேன்.

சாலை விபத்து என்றவுடன் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான் நம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஈடு கிடைப்பதற்குக் காரணம், மோதிய வண்டிக்குக் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு இருப்பதும், அந்தக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டுவதும்தான். எருமைக்கு அப்படியொரு காப்பீடு இல்லை, அது வாகனமும் இல்லை. ஆகவே நம் ஆள் தீர்ப்பாயத்துக்குப் போனால் அவருக்கு எதிராளியாக நிற்க அங்கே இன்னொரு வண்டி இல்லை. மாட்டுக்காக ஒதுங்கியபோது லாரி ஒன்று கவனக்குறைவாக வந்து இடித்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும்.

தம்முடைய காப்பீட்டிலிருந்தே பணம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். வண்டி உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கென 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது உயிரிழப்புக்கும், நிரந்தர முழு ஊனத்துக்கும், கை, கால், கண் இழப்புக்கும் உரியது. எலும்பு முறிந்து ஆறு மாதத்தில் கூடிவிடும் காலுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. ஓட்டுநர் உரிமம் இல்லாதவர்களுக்கும், நண்பருடைய வண்டியை வாங்கி ஓட்டியவர்களுக்கும் பெரிய காயத்துக்குக்கூட அந்த வழி அடைபட்டுவிடும்.

மிஞ்சுவது மாட்டின் உரிமையாளர். அவர் மீது உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுக்கலாம், அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. இங்கே சற்று நின்று ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நெடுஞ்சாலைக்குத் தப்பி வந்த கால்நடையால் விபத்து நேர்ந்தால் அதன் உரிமையாளருக்குப் பொறுப்பு இல்லை என்றே நெடுங்காலம் சட்டம் இருந்தது. வேலியில்லா நிலங்களுக்கு நடுவே சாலைகள் ஓடிய, மாட்டுவண்டி வேகத்தில் மனிதர் போன காலத்தின் நியாயம் அது. 1947-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை அந்த விதியை மீண்டும் உறுதி செய்தது. 1971-இல் விலங்குகள் சட்டம் கொண்டுவந்து அந்நாட்டு நாடாளுமன்றமே அதைக் கைவிட்டது. பிறந்த நாட்டிலேயே கைவிடப்பட்ட அந்த விலக்கை நம் நீதிமன்றங்களில் யாரேனும் எடுத்துரைத்தால் அதற்குத் தலைவணங்க வேண்டிய தேவை இல்லை என்பதே என் உறுதியான கருத்து. மாட்டை அவிழ்த்துவிட்டால் அது சாலைக்குப் போகும் என்று தெரிந்தும் கட்டாமல் விட்டவர் கவனக்குறைவானவர். அந்த மாடு முட்டும் குணமுடையதா, சாதுவானதா என்ற கேள்வி இங்கே எழவே எழாது.

குற்றவியல் பக்கத்திலும் ஒரு பிரிவு இருக்கிறது. விலங்கை அலட்சியமாக வைத்திருந்து மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வாய்ப்பளிப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் நடைமுறையில், வேகமாக ஓட்டினார் என்று அடிபட்டவர் மீதே வழக்குப் பதிவாவதும் உண்டு. புகார் மனுவிலேயே 291-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பெயர் தெரியாத உரிமையாளர் என்றாவது எழுதிக் கொடுப்பது அதனால்தான் அவசியம்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை, சாட்சியத்தில் தோற்கின்றன. விபத்து நடந்த அரை மணி நேரத்தில் மாடு ஓட்டிச் செல்லப்படுகிறது. விடிந்தால் அது என் மாடே இல்லை என்கிறார்கள். காயம்பட்டவரின் உறவினர் அங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, மாட்டின் காதில் மஞ்சள் நிற வில்லை இருந்தால் அதைக் கைப்பேசியில் படம் எடுப்பதுதான். அந்த வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். தடுப்பூசி போடும்போது அந்த எண்ணோடு உரிமையாளரின் விவரமும் கால்நடைத் துறையின் பதிவில் சேர்க்கப்படுகிறது. விற்ற பிறகு பதிவு மாற்றப்படாமல் இருக்கக்கூடும். ஆனாலும் விசாரணை தொடங்க ஒரு பெயராவது கிடைக்கும்.

இரண்டாவது, அரசு மருத்துவமனையில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு. அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படி அடிபட்டது என்று பணி மருத்துவர் கேட்கும்போது, வலியிலும் பதற்றத்திலும் உடன் வந்தவர் ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொல்லிவிடுகிறார். அதுவே பதிவாகிறது. மூன்றாண்டு கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூண்டில் நிறுத்தி முதலில் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். இன்ன சாலையில் மாட்டின் மீது மோதி விழுந்தார் என்று அப்போதே எழுதச் செய்யுங்கள்.

இனி நம் ஆளின் கணக்கைப் பார்ப்போம். சிகிச்சைக்கு 1,60,000 ரூபாய், நான்கு மாதக் கூலி 80,000 ரூபாய், வலிக்கும் வேதனைக்கும் 1,60,000 ரூபாய் என நான்கு லட்சம் கோருகிறார். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு மூன்று என்பதால் 12,000 ரூபாய் கட்ட வேண்டும். வறியவர்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். முகப்பு விளக்கு மங்கலாக இருந்தும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டு, அவர் பங்குத் தவறு நான்கில் ஒன்று என்று தீர்மானித்தால், கிடைப்பது மூன்று லட்சம். அதைத் தரும் வசதி மாட்டுக்காரருக்கு இருக்க வேண்டும். ஓர் எருமையை வைத்துப் பிழைக்கும் குடும்பத்திடம் அவ்வளவு இருக்காது என்பது எனக்கும் வருத்தம் தரும் உண்மை.

அதனால்தான் உள்ளாட்சியையும் சாலைத் துறையையும் எதிராளிகளாகச் சேர்க்கச் சொல்கிறேன். சாலையில் திரியும் கால்நடையைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பும் அதிகாரத்தை 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமே காவல்துறைக்கும் சாலைப் பொறுப்பாளர்களுக்கும் கொடுத்திருக்கிறது. கொண்டித்தொழு என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்தப் பட்டியைத்தான். நெடுஞ்சாலைகளிலிருந்து கால்நடைகளை அகற்ற வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒரு படி மேலே போய், தெரு விலங்குகளால் அடிபட்டவர்களின் இழப்பீட்டைத் தீர்மானிக்க மாவட்ட அளவில் குழுக்கள் அமைக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, என்றாலும் நம் உயர் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டத் தக்கது. அந்த இடத்தில் மாடுகள் திரிவதாக முன்பே கொடுக்கப்பட்ட புகார் மனுவின் ரசீது ஒன்று கிடைத்தால், எங்களுக்குத் தெரியாது என்று உள்ளாட்சி சொல்ல முடியாது.

மாநகராட்சி மாட்டைப் பிடித்து விதிக்கும் அபராதம் காயம்பட்டவரைச் சேராது, அது மாநகராட்சியின் பணம். ஆனாலும் அதில் அவருக்கு ஒரு பயன் உண்டு. மாட்டை மீட்க வருபவர் அது தம்முடையது என்று எழுதிக் கையெழுத்திட்டே ஓட்டிச் செல்கிறார். விபத்துக்கு முன்போ பின்போ அதே மாடு பிடிபட்டிருந்தால், அந்தப் பதிவின் நகலைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். தனிநபர் விவரம் என்று மறுத்தால், வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் வழியாகவே அந்தப் பதிவேட்டை வரவழைக்கலாம்.