காலையில பளிச்சுன்னு இருந்த கோலம் எட்டு மணிக்கு ஏன் மங்கிடுது?

[திரையில்: ஒரே கோலம், ரெண்டு படம். ஈரத் தரையில ஒண்ணு, காய்ஞ்ச தரையில ஒண்ணு.]

ரெண்டு படத்துலயும் அதே மாவு, அதே கை. மாறினது தரை மட்டும்தான்!

வாசல் தெளிச்சதும் சிமெண்ட் தரை கருத்துப் போகும். அந்தக் கருப்புல வெள்ளை மாவு எடுப்பா தெரியும். வெயில் ஏறி ஈரம் காய்ஞ்சா தரை வெளுத்துடும், வெள்ளை இழை அதோட கலந்துடும். அதனால கலரை ஈரத் தரையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. முந்தின நாள் மத்தியானமே, காய்ஞ்ச தரையில ஒவ்வொரு கலர்லயும் ஒரு சிட்டிகை வரிசையா வைங்க. கேட் வரைக்கும் தள்ளி நின்னு போன்ல படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையா மாத்துங்க. எந்தச் சிட்டிகை தரையோட கரையுதோ, அந்தக் கலரைத் தரையை ஒட்டி வைக்கக் கூடாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இதுதான். சிவப்பும் அடர் பச்சையும் நேர்ல எவ்வளவோ வேற மாதிரி தெரியும், படத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலா நிக்கும்! பக்கத்துப் பக்கத்துல வைச்சா தூரத்துல இருந்து பிரிச்சுத் தெரியாது, நடுவுல வெள்ளை இழை வேணும்.

தார் ரோடு, கருப்பு கிரானைட்னா வேலை சுலபம். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை அப்படியே எடுக்கும். ஊதா, கருநீலம் மட்டும் அமுங்கும். ஒரு கப் ஊதாவுக்கு ஒரு கப் வெள்ளைக் கோலமாவு கலந்துக்குங்க.

[திரையில்: வெளிர் சிமெண்ட் தரை, ரோஸ் கலர் தாமரை.]

வெளிர் தரைதான் சிக்கல். இந்தத் தாமரையைப் பாருங்க. இதழுக்கு வெளிர் ரோஸ், ஓரத்துக்கு வெள்ளை. காய்ஞ்சதும் வெள்ளை ஓரம் காணாமப் போய், இதழ் பிய்ஞ்ச மாதிரி நிக்குது. ரோஸை அடர்த்தியாக்கினாலும் ஓரம் திரும்பி வராது. கோலத்துக்குக் கீழேயே ஒரு கருப்புத் தரை வேணும்.

முதல்ல சாக்பீஸால தாமரையை வரைஞ்சு, அதுக்கு வெளியே ரெண்டு விரல் அகலம் விட்டு ஒரு வட்டம் போடுங்க. தரை நல்லா காய்ஞ்ச பிறகு, இதழுக்கு இடையில இருக்கிற இடம், வெளி ஓரம் எல்லாத்துலயும் கருநீலத்தை டீ வடிகட்டியில சலிச்சுத் தூவுங்க. கையால தூவினா திட்டுத் திட்டா விழும். தரை ஈரமா இருந்தா பொடி தண்ணியை உறிஞ்சி அங்கங்கே கட்டி தட்டும். அப்புறம் இதழுக்குள்ள ரோஸ். வெள்ளை இழை கடைசியில, நீலமும் ரோஸும் சேர்ற கோட்டு மேல. முதல்லயே இழை போட்டா கலர் சிந்தி அழுக்காயிடும்.

கருநீலத்துக்குப் பதிலா காவியும் போடலாம். ஆனா வெள்ளை டைல்ஸ்ல காவியைத் தண்ணியில கரைச்சுப் பூசாதீங்க. டைல்ஸ் இடுக்குல இருக்கிற வெள்ளை சிமெண்ட் சிவப்பைக் குடிச்சுடும், தேய்ச்சாலும் முழுசா போகாது. அங்கே உலர்ந்த பொடியாவே தூவுங்க.

உங்க வாசல் என்ன தரை? கமெண்ட்ல சொல்லுங்க, சோதனைப் படத்தையும் அனுப்புங்க.