எலெக்ட்ரான் எந்தப் பிளவின் வழியே போனது?

[திரையில்: மேலும் கீழுமாக இரண்டு பிளவுகள், எதிரே ஒரு திரை, இரு பிளவுகளுக்கும் நடுவிலிருந்து திரை வரை ஒரு புள்ளிக்கோடு]

இரட்டைப் பிளவுச் சோதனையில் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், திரையில் விழும் புள்ளிகள் சேரச் சேரக் குறுக்கீட்டு வரிகள் தெரியும். அப்படியானால் ஒவ்வோர் எலெக்ட்ரானும் எந்தப் பிளவின் வழியே போனது? வழக்கமான குவாண்டம் விளக்கத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1927-இல் லூயி டி ப்ராய் முன்வைத்து, 1952-இல் டேவிட் போம் விரித்தெழுதிய வழிகாட்டும் அலைக் கொள்கையோ நேரடியாகப் பதில் சொல்கிறது: துகள் ஒரு பிளவின் வழியேதான் போகிறது, அலை இரண்டின் வழியேயும் பரவுகிறது.

[திரையில்: வளைந்து செல்லும் பாதைகள், ஒன்றுகூடப் புள்ளிக்கோட்டைத் தாண்டவில்லை]

துகளின் திசைவேகத்தை அது இருக்கும் இடத்தில் அலையின் கட்டம், அதாவது அலைவின் ஏற்ற இறக்கத்தில் அது எட்டியிருக்கும் நிலை, இடத்துக்கு இடம் மாறும் விதமே தீர்மானிக்கிறது. இரு பிளவுகளும் ஒத்திருப்பதால், நடுக்கோட்டின் மீது அதற்குக் குறுக்கான திசைவேகம் சுழியாகிறது. ஆகவே எந்தப் பாதையும் அதைக் கடக்க முடியாது. திரையின் மேற்பாதியில் விழுந்த எலெக்ட்ரான் மேற்பிளவின் வழியே வந்ததுதான் என்று, பிளவருகே எதையும் அளக்காமலேயே இக்கொள்கை சொல்லிவிடுகிறது. எனினும் கீழ்ப்பிளவை மூடினால் அலை மாறிவிடும். மேற்பிளவின் வழியே வரும் துகளும் வேறு பாதையில் போகும்.

வரிகள் அப்படியே கிடைப்பதற்குக் காரணம் துகள்களின் தொடக்க இடங்கள். அவை அந்த அலையை விவரிக்கும் அலைச்சார்பின் வீச்சின் வர்க்கத்தின்படி பரவியிருந்தால், அந்தப் பரவல் பின்னரும் குலையாது என்பதைச் சமன்பாடே உறுதி செய்கிறது. ஆனால் தொடக்கத்தில் அப்படிப் பரவியிருப்பது ஏன்? இதை ஓர் அடிப்படை விதியாகவே கொள்வோர் உண்டு. வேறு பரவலும் காலப்போக்கில் இதை நெருங்கும் என்று காட்ட முயல்வோரும் உண்டு. இது இன்னும் தீராத விவாதம்.

[திரையில்: பிளவருகே ஓர் உணர்கருவி]

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் 1992-இல் எழுந்தது. எந்தப் பிளவு என்ற தகவலை, தன் பாகங்களின் இடம் மாறாமல், உள்நிலையில் மட்டும் பதித்துக்கொள்ளும் உணர்கருவியை வைத்து, பதிவைப் பிறகு படித்தால், அது கீழ்ப்பிளவைக் காட்டும்போது இக்கொள்கை கணித்த பாதை மேற்பிளவின் வழியே போயிருக்கக்கூடும். எங்லெர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய பாதைகளை மெய்ம்மை கடந்தவை என்று கேலி செய்தனர். கருவியும் துகளும் பின்னிய ஒரே அலையால் வழிநடத்தப்படுவதால், துகள் எங்கே போகிறது என்பது தொலைவிலுள்ள பதிவையும் உடனடியாகப் பாதிக்கிறது என்பதே போம் தரப்பின் பதில்; கருவியின் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பது இதன் பொருள். என் மதிப்பீட்டில் அந்தப் பதில் முரணற்றது, ஆனால் மலிவானதல்ல: இந்த உடனடிப் பாதிப்பைச் சார்பியலோடு பொருத்த, நம்மால் ஒருபோதும் கண்டறிய முடியாத ஒரு பொதுக் காலவரிசையைப் பெரும்பாலும் கருதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.